மொத்த லாபமான ஜி.பி. 17.2 சதவீதத்திலிருந்து 12.89க்கு இறங்கிவிட்டது. கடையில் திருட்டா, கணக்கில் பிழையா?

ஈரோட்டு_லுங்கி | 11 ஜூலை 2024, இரவு 10.12

எல்லோருக்கும் வணக்கம். ஈரோட்டில் எங்களுக்கு ஜவுளி ஹோல்சேல் கடை இருக்கிறது. லுங்கி, துண்டு, பெட்ஷீட், தலையணை உறைதான் சரக்கு. பெரியப்பா, அப்பா, சித்தப்பா மூவரும் சம பங்குக் கூட்டாளிகளாக இருந்த ஃபர்ம் இது. சித்தப்பா 31 மார்ச் 2023 அன்று விலகிக்கொண்டார். அன்றைய கணக்குப்படி அவருக்கு வர வேண்டியதைக் கொடுத்தாகிவிட்டது. அதன் பிறகு கணக்கை நான்தான் பார்க்கிறேன்.

இப்போது 2023-24க்கு ஆடிட் ஆரம்பித்திருக்கிறது. டிரேடிங் அக்கவுண்ட் போட்டுப் பார்த்ததும் எனக்குத் தூக்கம் போய்விட்டது.

2022-23: ஆரம்ப இருப்பு 36,00,000. கொள்முதல் 2,08,00,000. விற்பனை 2,40,00,000. இறுதி இருப்பு 45,28,000. ஜி.பி. 41,28,000, அதாவது 17.2 சதவீதம்.

2023-24: ஆரம்ப இருப்பு 45,28,000. கொள்முதல் 2,14,50,000. விற்பனை 2,50,00,000. இறுதி இருப்பு 42,00,000. ஜி.பி. 32,22,000, அதாவது 12.89 சதவீதம்.

விற்பனை 10 லட்சம் கூடியிருக்கிறது, லாபமோ 9 லட்சம் குறைந்திருக்கிறது. விலையில் பெரிய மாற்றம் எதுவும் கிடையாது. கடைக்குள் இருந்து சரக்கு போகிறது என்று பெரியப்பா சொல்கிறார். கவுன்டரில் 14 வருடமாக இருக்கும் அண்ணன் மேல்தான் சந்தேகம். அவரைக் கூப்பிட்டுக் கேட்கப் போகிறார்கள். அதற்கு முன்னால் வேறு காரணம் இருக்க முடியுமா என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

---

வெள்ளி_கொலுசு | 11 ஜூலை, இரவு 10.40

எங்கள் கடையிலும் இதே மாதிரி நடந்தது. கேமரா வைத்த பிறகுதான் தெரிந்தது, வேலைக்கு வந்த பையன் பின்வாசல் வழியாகக் கொடுத்து அனுப்பியிருக்கிறான். முதலில் கேமரா வையுங்கள்.

---

பழைய_பேரேடு | 11 ஜூலை, இரவு 11.25

தம்பி, அவரை இப்போதைக்குக் கூப்பிட வேண்டாம். நான் 30 வருடம் ஆடிட் ஆபீஸில் வேலை பார்த்தவன். உங்கள் எண்களைப் பார்த்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது 2023-24 இல்லை, 2022-23.

ஒரு கேள்வி. 2021-22லும் அதற்கு முந்தைய வருடத்திலும் உங்கள் ஜி.பி. எத்தனை சதவீதம்?

---

ஈரோட்டு_லுங்கி | 12 ஜூலை, காலை 7.05

ஃபைலை எடுத்துப் பார்த்தேன் ஐயா. 2020-21ல் 14.9. 2021-22ல் 15.1. 2022-23ல் 17.2 வந்தபோது எல்லோருக்கும் சந்தோஷம். ஏன் கூடியது என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

---

பழைய_பேரேடு | 12 ஜூலை, காலை 9.30

லாபம் குறைந்தால் எல்லோரும் காரணம் தேடுவார்கள், கூடினால் யாரும் தேட மாட்டார்கள். இந்த மாதிரிப் பிழை ஒரு வருடம் முழுக்க ஒளிந்திருப்பது அதனால்தான்.

உங்கள் இரண்டு வருடத்தையும் ஒன்றாகச் சேர்த்துப் பாருங்கள். ஜி.பி. 41.28 + 32.22 = 73.50 லட்சம். விற்பனை 240 + 250 = 490 லட்சம். வகுத்தால் சரியாக 15 சதவீதம். உங்கள் கடை வழக்கமாக ஓடும் சதவீதம் அதுதான்.

சரக்கு திருட்டுப் போனால் அந்த வருட லாபம் விழும். ஆனால் அதற்கு முந்தைய வருட லாபம் ஏறக் காரணமே இல்லை. இரண்டு வருடத்தைக் கூட்டினாலும் குறைவு குறைவாகவே தெரியும், 14 சதவீதமோ 13.5 சதவீதமோ வரும். உங்களுக்கு ஒரு வருடம் எவ்வளவு ஏறியதோ கிட்டத்தட்ட அவ்வளவே அடுத்த வருடம் இறங்கியிருக்கிறது. இந்த இரண்டு வருடத்துக்கும் பொதுவாக ஒரே ஒரு எண்தான் உண்டு. முதல் வருடத்தில் இறுதி இருப்பாக லாபத்தைக் கூட்டுவதும் அதுதான், அடுத்த வருடத்தில் ஆரம்ப இருப்பாக லாபத்தைக் குறைப்பதும் அதுதான். அந்த 45,28,000.

அதனால் 31 மார்ச் 2024 ஸ்டாக்கை விட்டுவிடுங்கள். 31 மார்ச் 2023 அன்று எழுதிய ஸ்டாக் ஷீட்டை எடுங்கள். டைப் அடித்த பிரதி போதாது, கையால் எழுதிய மூலத்தையும் எடுங்கள். 15 சதவீதம் வர வேண்டுமானால் இருப்பு 40 லட்சத்துக்குப் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். ஐந்தே கால் லட்சம் அளவுக்கு ஏதோ கூடுதலாக உட்கார்ந்திருக்கிறது. அது ஒரே வரியில் இருக்கலாம், ஒரு பக்கத்தை இரண்டு தடவை கூட்டியதாகவும் இருக்கலாம்.

---

இன்டர்_படிக்கிறேன் | 12 ஜூலை, காலை 11.02

ஐயா, ஒரு சந்தேகம். பில் கட்-ஆஃப் பிரச்சினையாகவும் இருக்கலாம் இல்லையா? சரக்கு 30 மார்ச் அன்றே குடோனுக்கு வந்து, அதை எண்ணி ஸ்டாக்கில் சேர்த்துவிட்டு, பில்லை ஏப்ரலில் பதிந்திருந்தாலும் இதே மாதிரிதானே வரும்?

---

பழைய_பேரேடு | 12 ஜூலை, பகல் 12.15

வரும் அம்மா, நல்ல கேள்வி. சரக்கு இருப்பில் இருக்கிறது, கொள்முதலில் இல்லை. அதனால் 2022-23 லாபம் அந்த அளவுக்குக் கூடும். அடுத்த வருடம் அதே சரக்கு ஆரம்ப இருப்பிலும் இருக்கும், ஏப்ரலில் பதிந்த பில்லாகக் கொள்முதலிலும் இருக்கும். செலவில் இரண்டு தடவை ஏறுவதால் லாபம் அதே அளவுக்குக் குறையும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு பிழையும் ஒரே மாதிரிதான் தெரியும்.

ஆனால் சரக்கையும் எண்ணவில்லை, பில்லையும் பதியவில்லை என்றால் லாபத்தில் எந்த மாற்றமும் வராது. இருப்பும், சரக்கு தந்தவர்களுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கியும் மட்டும் குறைவாகத் தெரியும். அப்படிப்பட்ட பிழையை ஜி.பி. சதவீதத்தை வைத்துப் பிடிக்கவே முடியாது.

எது என்று கண்டுபிடிக்க, குடோன் இன்வார்டு நோட்டில் மார்ச் மாதத்தின் கடைசி வரியைப் பார்க்க வேண்டும். அதில் இருக்கும் லாரி ரசீது எண்களை எடுத்துக்கொண்டு, ஏப்ரல் முதல் 10 நாள் கொள்முதல் பதிவோடு ஒப்பிட வேண்டும். மார்ச்சில் வந்த சரக்கின் பில் ஏப்ரலில் இருந்தால் விஷயம் அங்கே இருக்கிறது. தம்பி, இதையும் பாருங்கள்.

---

காகிதக்கடை | 12 ஜூலை, மாலை 4.50

இடையில் என் கேள்வியையும் கேட்டுக்கொள்கிறேன். மதுரையில் ஸ்டேஷனரி கடை வைத்திருக்கிறேன். 2019ஆம் வருட டைரிகள் 90,000 ரூபாய்க்கு விற்காமல் கிடக்கின்றன. ஒவ்வொரு மார்ச்சிலும் வாங்கிய விலைக்கே இருப்பில் காட்டி வருகிறேன். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இதுவும் அடுத்த வருடம் தானாகச் சரியாகிவிடும் போலிருக்கிறதே?

---

பழைய_பேரேடு | 12 ஜூலை, மாலை 5.35

இல்லை அம்மா, உங்களுடையது வேறு. ஈரோட்டுத் தம்பியின் பிழை ஒரு மார்ச்சில் நுழைந்து அடுத்த மார்ச்சில் வெளியேறிவிட்டது. நீங்கள் அதே பிழையை ஒவ்வொரு மார்ச்சிலும் திரும்ப எழுதுகிறீர்கள். ஆரம்பத்திலும் 90,000 கூடுதல், இறுதியிலும் 90,000 கூடுதல் என்பதால் இடைப்பட்ட வருடங்களின் லாபம் பாதிக்கப்படவில்லை. டைரி விலை போகாமல் போன அந்த முதல் வருடத்தில் மட்டும் 90,000 அதிகம் காட்டி, அதற்கு வரியும் கட்டியிருக்கிறீர்கள். எந்த வருடம் அதைப் பழைய பேப்பர் விலைக்குக் குறைக்கிறீர்களோ அந்த ஒரே வருடத்தின் தலையில் முழு நஷ்டமும் விழும். தானாகச் சரியாகாது, நீங்கள்தான் குறைக்க வேண்டும். வாங்கிய விலை, விற்றால் கிடைக்கும் விலை இரண்டில் எது குறைவோ அதுதான் இருப்பின் மதிப்பு. இந்த வருடக் கணக்கு முடிப்பதற்கு முன்பே உங்கள் ஆடிட்டரிடம் பேசிவிடுங்கள்.

---

ஈரோட்டு_லுங்கி | 12 ஜூலை, இரவு 9.48

கிடைத்துவிட்டது ஐயா!

இன்வார்டு நோட்டில் குறை எதுவும் இல்லை. ஸ்டாக் ஷீட் மொத்தம் 11 பக்கம். 7ஆம் பக்கத்தில் ஈரிழைத் துண்டு வரி இப்படி இருக்கிறது: அளவு 960, விலை 600, மதிப்பு 5,76,000.

துண்டு ஒன்று 600 ரூபாய் கிடையாது. டசன்தான் 600. எண்ணியவர் பீஸ் கணக்கில் 960 என்று எழுதியிருக்கிறார். விலை போட்டவர் கொள்முதல் பில்லைப் பார்த்து டசன் விலையைப் போட்டிருக்கிறார். 80 டசன், டசன் 600 என்றால் 48,000தான் வர வேண்டும். வித்தியாசம் 5,28,000. கையால் எழுதிய மூலத்தில் வெறும் 960 என்றுதான் இருக்கிறது, பீஸா டசனா என்று எழுதவே இல்லை.

அதைத் திருத்தினால் 2023 இருப்பு சரியாக 40,00,000. 2022-23 ஜி.பி. 36,00,000, 15 சதவீதம். 2023-24 ஜி.பி. 37,50,000, அதுவும் 15 சதவீதம். உண்மையில் லாபம் ஒன்றரை லட்சம் கூடியிருக்கிறது!

பெரியப்பாவிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. கவுன்டர் அண்ணனிடம் இன்னும் யாரும் எதுவும் கேட்கவில்லை. அதுவரைக்கும் கடவுள் காப்பாற்றினார்.

---

கரூர்_கணக்கு | 12 ஜூலை, இரவு 10.20

நல்லது. இதற்கு மேல் எதையும் கிளற வேண்டாம் என்பது என் கருத்து. இரண்டு வருடத்தையும் சேர்த்தால் 73.50 லட்சம், பிழை இல்லாவிட்டாலும் அதே 73.50 லட்சம். 31 மார்ச் 2024 பேலன்ஸ் ஷீட்டில் இருப்பும் சரி, முதலும் சரி. பிழை தன்னைத் தானே சரி செய்துகொண்டது.

12.89 என்ற சதவீதம் உறுத்துகிறது என்றால் ஒரு வழி இருக்கிறது. 2024 இறுதி இருப்பை 5,28,000 கூட்டி 47,28,000 என்று போடுங்கள். ஜி.பி. 37,50,000 ஆகிவிடும், சதவீதமும் 15க்கு வந்துவிடும். யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

---

பழைய_பேரேடு | 12 ஜூலை, இரவு 11.10

கரூர் நண்பர் முதலில் சொன்னது பாதி சரி. இரண்டாவது சொன்னதைத் தயவுசெய்து செய்யாதீர்கள்.

2024 இருப்பைக் கூட்டினால் 2023-24 லாபம் சரியாகத் தெரியும், உண்மைதான். ஆனால் இல்லாத 5,28,000 ரூபாய்ச் சரக்கு இப்போது 2024-25இன் ஆரம்ப இருப்பில் போய் நிற்கும். அந்த வருட லாபம் விழும். அப்போது என்ன செய்வீர்கள்? 2025 மார்ச்சிலும் கூட்டுவீர்கள். வெளியேற இருந்த பிழையை ஒவ்வொரு மார்ச்சிலும் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டபடியே இருக்க வேண்டும். இதுவரை நடந்தது கைப்பிழை. இதற்குப் பிறகு செய்தால் அது தெரிந்தே எழுதிய பொய்க் கணக்கு.

லாபத்தை ஏற்றிக் காட்ட நினைத்து இதில் இறங்கியவர்களையும் பார்த்திருக்கிறேன். முதல் வருடம் 5 லட்சம் கூட்டுவார்கள். அடுத்த வருடமும் லாபம் 5 லட்சம் அதிகமாகத் தெரிய வேண்டுமென்றால் இருப்பை 10 லட்சம் கூட்ட வேண்டும், ஏனென்றால் முதல் 5 லட்சம் ஆரம்ப இருப்பாக வந்து லாபத்தைத் தின்றுவிடும். மூன்றாம் வருடம் 15 லட்சம். கடைசியில் குடோன் கொள்ளாத சரக்கு காகிதத்தில் இருக்கும்.

இப்போது "தன்னைத் தானே சரி செய்துகொண்டது" என்பதற்கு வருகிறேன். கூட்டுத்தொகை சரியானது உண்மை. ஆனால் அந்தத் தவறான 2022-23 லாபத்தை வைத்து யாருக்காவது பணம் போயிருந்தால் அந்தப் பணம் தானாகத் திரும்பி வராது. தம்பி, உங்கள் சித்தப்பா 31 மார்ச் 2023 கணக்குப்படி செட்டில் ஆனார் என்று முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறீர்கள்.

---

ஈரோட்டு_லுங்கி | 12 ஜூலை, இரவு 11.32

ஆமாம் ஐயா. நான் அதை யோசிக்கவே இல்லை. 5,28,000இல் மூன்றில் ஒரு பங்கு 1,76,000 அவருக்கு அதிகமாகப் போயிருக்கிறதா?

---

இன்டர்_படிக்கிறேன் | 13 ஜூலை, காலை 6.40

1,76,000 இல்லை என்று நினைக்கிறேன் அண்ணா. ஃபர்ம் முதலில் வரியைக் கட்டிவிட்டு மீதியைத்தானே பிரிக்கிறது? ஃபர்முக்கு 30 சதவீதம் வரி, அதன் மேல் 4 சதவீதம் செஸ், ஆக 31.2 சதவீதம். 5,28,000க்கு வரி 1,64,736. மீதி 3,63,264. அதில் மூன்றில் ஒரு பங்கு 1,21,088.

அதிகமாகக் கட்டிய 1,64,736 வரி, 2023-24 லாபம் அதே அளவு குறைவதால் இந்த வருட வரியில் குறைந்துவிடும். அதனால் அந்தத் தொகையைச் சித்தப்பாவிடம் கேட்க முடியாது இல்லையா?

---

பழைய_பேரேடு | 13 ஜூலை, காலை 8.15

மிகச் சரி. 1,21,088தான். இன்னொரு பக்கத்திலிருந்தும் சரிபார்க்கலாம். முதல் வருடத்தில் உங்கள் அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து 2,42,176 அதிகம் பெற்றார்கள். இரண்டாம் வருடத்தில் அவர்கள் இருவர் மட்டுமே கூட்டாளிகள், அதனால் 3,63,264 குறைவும் அவர்களுக்கே. வித்தியாசம் அதே 1,21,088. சித்தப்பா ஏற்றத்தில் மட்டும் இருந்தார், இறக்கத்தில் இல்லை.

கூட்டாளி மாறாமல் இருந்திருந்தால் கரூர் நண்பர் சொன்னது அநேகமாகப் பொருந்தியிருக்கும்.

---

ஈரோட்டு_லுங்கி | 13 ஜூலை, காலை 8.50

விலகல் பத்திரத்தில் "இத்துடன் கணக்கு முழுமையாகத் தீர்ந்தது, இனி ஒருவருக்கொருவர் எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று ஒரு வரி இருக்கிறது. அப்படியிருக்க அவரிடம் கேட்பது சரியா?

---

கரூர்_கணக்கு | 13 ஜூலை, காலை 9.20

கேட்கவே கூடாது. பத்திரம் பத்திரம்தான். பிழை உங்கள் கடை எழுதிய ஷீட்டில், அவர் அதை நம்பிக் கையெழுத்துப் போட்டார்.

---

பழைய_பேரேடு | 13 ஜூலை, காலை 10.05

அவரும் அப்போது கூட்டாளிதான், அந்த ஷீட் அவருக்கும் சொந்தம். இரு தரப்பும் ஒரே தவறான எண்ணை நம்பிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அந்த வரி இதைத் தடுக்குமா இல்லையா என்பதைப் பத்திரம் முழுவதையும் படித்த வக்கீல்தான் சொல்ல முடியும். நான் சொல்வது ஒன்றுதான்: 7ஆம் பக்கத்தின் நகலை எடுத்துக்கொண்டு உங்கள் அப்பா நேரில் போய்க் காட்டட்டும். பணம் கேட்பதும் கேட்காததும் அதற்குப் பிறகு. இது வெளியிலிருந்து அவர் காதுக்குப் போகக் கூடாது.

---

வங்கி_ஜன்னல் | 13 ஜூலை, பகல் 1.30

நான் ஒரு வங்கியில் கடன் பிரிவில் இருக்கிறேன். சரக்கு இருப்பை ஈடாக வைத்து எடுக்கும் ஓ.சி.சி. கடன் லிமிட் உங்களுக்கு இருக்கிறதா? மார்ச் 2023 ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டிலும் அதே 45,28,000 போயிருந்தால், 25 சதவீத மார்ஜின் என்று வைத்துக்கொண்டாலும் எடுக்கும் வரம்பு 3,96,000 கூடுதலாகக் கிடைத்திருக்கும். ஏப்ரல் ஸ்டேட்மென்ட்டில் இருப்பு திடீரென்று இறங்கியிருந்தால் எங்கள் பக்கத்தில் கேட்டிருப்பார்கள்.

---

ஈரோட்டு_லுங்கி | 13 ஜூலை, பகல் 2.10

லிமிட் இருக்கிறது. ஆனால் மாத ஸ்டேட்மென்ட் டாலியில் இருக்கும் அளவிலிருந்து தனியாகப் போடுகிறோம், மார்ச் 2023க்கு 40.1 லட்சம் காட்டியிருக்கிறோம். இதை எழுதும்போதுதான் உறைக்கிறது. பேலன்ஸ் ஷீட்டில் 45.28, வங்கியில் 40.1. அப்போதே யாராவது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் போதும்.

---

வங்கி_ஜன்னல் | 13 ஜூலை, பகல் 2.25

வருமான வரித் துறை பார்க்கும் இடங்களில் இதுவும் ஒன்று. பொதுவாக வங்கிக்கு அதிகம், கணக்கில் குறைவு என்றுதான் இருக்கும். உங்களுடையது தலைகீழ் என்பதால் வரியை மறைத்ததாக யாரும் சொல்ல முடியாது. அந்த ஸ்டேட்மென்ட்டைப் பத்திரமாக வையுங்கள், உங்கள் பக்கம் உண்மை என்பதற்கு அதுவே சாட்சி.

---

இன்டர்_படிக்கிறேன் | 13 ஜூலை, மாலை 6.00

2022-23க்கான ரிட்டர்னைத் திருத்த முடியாதா?

---

பழைய_பேரேடு | 13 ஜூலை, இரவு 8.20

திருத்திய ரிட்டர்னுக்கான கடைசி நாள் 31 டிசம்பர் 2023. அது போய்விட்டது. அதற்குப் பிறகு போடக்கூடிய அப்டேட்டட் ரிட்டர்ன் வரியைக் கூட்டிக் கட்டுவதற்குத்தான், குறைப்பதற்கு இல்லை. அதனால் 2022-23 அப்படியே நிற்கட்டும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது, கவனியுங்கள். "உண்மையான இருப்பு 40 லட்சம்தானே" என்று 2023-24 வரிக் கணக்கில் ஆரம்ப இருப்பை 40 லட்சமாகப் போட்டு அதோடு விட்டுவிட்டால், அந்த 5,28,000க்குப் போன வருடமும் வரி கட்டி, இந்த வருடமும் வரி கட்டியவர்களாக ஆவீர்கள். போன வருட இறுதி இருப்பு எதுவோ அதுவே இந்த வருட ஆரம்ப இருப்பு என்பது வரி விதியிலும் இருக்கிறது, ஐ.சி.டி.எஸ். 2இல் பார்க்கலாம். வரிக்கு 45,28,000 அப்படியே வரட்டும். உங்கள் நஷ்டம், 1,64,736 ரூபாய் ஒரு வருடம் அரசாங்கத்திடம் இருந்ததற்கான வட்டி மட்டும்தான்.

கடையின் கணக்குப் புத்தகத்தில் நான் வேறு மாதிரி செய்வேன். டிரேடிங் அக்கவுண்டில் ஆரம்ப இருப்பு 40,00,000. லாப நஷ்டக் கணக்கில் தனி வரியாக "முந்தைய ஆண்டு சரக்கு மதிப்புப் பிழை 5,28,000". நிகர லாபம் எப்படிப் போட்டாலும் ஒன்றுதான். ஆனால் ஜி.பி. 15 என்று உண்மையாகத் தெரியும். பிழை எங்கே, எவ்வளவு என்பதும் படிப்பவருக்குத் தெரியும்.

---

கரூர்_கணக்கு | 13 ஜூலை, இரவு 9.05

இதில் எனக்கு உடன்பாடு இல்லை. தனி வரியாகப் போட்டால் "இது முந்தைய வருடச் செலவு, இந்த வருடம் அனுமதிக்க முடியாது" என்று அதிகாரி அதை வருமானத்தோடு கூட்டிவிடும் ஆபத்து இருக்கிறது. ஆரம்ப இருப்பை 45,28,000 என்றே விட்டுவிட்டு, கீழே ஒரு குறிப்பு எழுதினால் போதும். நான் பார்க்கும் ஆடிட்டர் அப்படித்தான் செய்வார்.

---

பழைய_பேரேடு | 13 ஜூலை, இரவு 9.40

அந்த ஆபத்து இருப்பது உண்மை, மறுக்கவில்லை. வரி கணிப்புத் தாளில் ஆரம்ப இருப்பு 45,28,000 என்ற அடிப்படையைத் தெளிவாகக் காட்டினால் அது குறையும் என்பது என் அனுபவம். உங்கள் முறையில் போட்டால் வரி ஆடிட்டுக்கான 3சிடி படிவத்தில் ஜி.பி. சதவீதம் கேட்கும் இடத்தில் 17.2க்குப் பக்கத்தில் 12.89 நிற்கும், அதற்கும் கேள்வி வரும். எப்படிப் போட்டாலும் கேள்வி வரலாம். தம்பியின் ஆடிட்டர் முடிவு செய்யட்டும்.

ஒன்று மட்டும் தம்பிக்குச் சாதகம். அளவு பத்தியில் 960 பீஸ் என்பது ஆரம்பத்திலிருந்தே சரி. சரக்கின் எண்ணிக்கை ஒரு பீஸ்கூட மாறவில்லை, விலை மட்டும்தான் மாறியது. எண்ணிக்கையே மாறியிருந்தால் நிரூபிப்பது மிகவும் கஷ்டம்.

இன்னொன்று, டாலியில் போன வருட இருப்புத் தொகையைப் போய் மாற்றிவிடாதீர்கள். மாற்றினால் 2022-23 பேலன்ஸ் ஷீட்டும் சேர்ந்து மாறிவிடும், அப்புறம் ஃபைல் செய்த கணக்கோடு பொருந்தாது.

---

வெள்ளி_கொலுசு | 14 ஜூலை, காலை 7.30

நான் கேமரா என்று சொன்னது இந்த விஷயத்தில் தவறு என்று புரிகிறது. ஆனாலும் ஒரு கேள்வி. இரண்டு வருடம் கூட்டி 15 வந்தது என்பதற்காகத் திருட்டே இல்லை என்று சொல்லிவிட முடியுமா? உண்மையில் 16 சதவீதம் வர வேண்டிய கடையாக இருந்து, ஒரு சதவீதம் போய்க்கொண்டே இருந்தால்?

---

பழைய_பேரேடு | 14 ஜூலை, காலை 9.00

சொல்ல முடியாது. நியாயமான கேள்வி. வருடா வருடம் ஒரே சீராகப் போகும் சரக்கை இந்தச் சோதனை காட்டாது. எங்கே தேட வேண்டும் என்று மட்டும்தான் காட்டும். தம்பிக்கு விடை கொடுத்தது 7ஆம் பக்கம், சதவீதம் இல்லை. சீரான கசிவைப் பிடிக்க, ஒரு ஐட்டத்தை எடுத்துக்கொண்டு ஆரம்ப எண்ணிக்கையோடு வாங்கியதைக் கூட்டி, விற்றதைக் கழித்து, இருப்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். ரூபாயை வைத்துப் பார்த்தால் தெரியாது.

ஸ்டாக் ஷீட் எக்ஸெலில் இருந்தால் இன்னொரு சின்ன வேலையும் செய்யுங்கள். அளவு C பத்தியிலும் மதிப்பு E பத்தியிலும் இருப்பதாக வைத்துக்கொண்டால், காலிப் பத்தியில் `=E2/C2` என்று போட்டுக் கடைசி வரை இழுங்கள். ஒரு பீஸுக்கு என்ன விலை விழுகிறது என்று வரும். கடையில் வளர்ந்தவர் கண்ணுக்கு 600 ரூபாய்த் துண்டு உடனே பட்டுவிடும்.

---

ஈரோட்டு_லுங்கி | 14 ஜூலை, இரவு 8.55

இன்று ஞாயிறு என்பதால் கடை மூடியிருந்தது. அப்பா சித்தப்பா வீட்டுக்குப் போய் ஷீட்டைக் காட்டிவிட்டு வந்தார். சித்தப்பா பார்த்துவிட்டு, பத்திரம் எழுதிய வக்கீலிடம் சேர்ந்தே போய்க் கேட்கலாம் என்று சொல்லியிருக்கிறார். என்ன ஆகும் என்று இன்னும் தெரியவில்லை.

ஐயா சொன்ன பீஸ் விலைப் பத்தியை 31 மார்ச் 2024 ஷீட்டிலும் போட்டுப் பார்த்தேன். தலையணை உறை ஒரு வரியில் அளவு 120 ஜோடி, விலை 55, மதிப்பு 6,600 என்று இருந்தது. 55 என்பது ஒரு உறைக்கான விலை. ஜோடி 110, அதனால் 13,200 வர வேண்டும். இந்தத் தடவை குறைவாகப் போட்டிருக்கிறோம். இந்த வருடம் இன்னும் ஃபைல் ஆகவில்லை என்பதால் இறுதி இருப்பை 42,06,600 என்று நேராகவே திருத்திவிட்டேன்.

எண்ணும் நோட்டில் அளவுக்குப் பக்கத்தில் பீஸ், டசன், ஜோடி என்று எழுத ஒரு பத்தி போட்டாகிவிட்டது. அந்தப் பத்திக்குக் கோடு போட்டது கவுன்டர் அண்ணன்தான்.